நான் வெட்டிய மெழுகு வரி

யாராவது யாரையாவது பட்டென்று பேசிவிட்டால் எனக்குப் பொறுக்காது. உடனே நடுவில் புகுந்து, "அவர் சொல்ல வந்தது அது இல்லை" என்று ஆரம்பித்துவிடுவேன். கல்யாண வீட்டுப் பந்தியிலும் இதைச் செய்திருக்கிறேன், பேருந்தில் நடத்துநருக்கும் பயணிக்கும் நடுவிலும் செய்திருக்கிறேன். என் மனைவி இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘இலவச வக்கீல்’. அந்த வக்கீல் வேலை ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையில் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

தீப்பெட்டிக்குப் பேர்போன கோவில்பட்டிக்கு வெளியே, எட்டயபுரம் போகும் வழியில் உள்ள ஒரு வேளாண் கல்லூரியில் நான் பண்ணை மேலாளர். வயல் சோதனைகளை நடத்துவதும், மண்ணும் பயிரும் அளந்து குறித்து வைப்பதும் என் வேலை. அந்தக் கட்டுரைக்கு மூன்று ஆசிரியர்கள். முதல் பெயர் எங்கள் கல்லூரியில் பாடம் நடத்தும் ஒரு உதவிப் பேராசிரியை. நாகலாபுரம் பக்கத்துக்காரர். வீட்டில் ஆடும் உண்டு, மானாவாரி நிலமும் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பெயர் நான். மூன்றாவது பெயர் என் பழைய விடுதித் தோழன், கடம்பூர்க்காரன். இப்போது வடக்கே ஓர் ஆய்வகத்தில் மண் இயற்பியல் பார்க்கிறான்.

கேள்வி எளிமையானது. சரிவுக்குக் குறுக்கே உழவுச் சால் போட்டு விதைத்தால், மழை நின்ற பிறகு கரிசல் மண்ணில் ஈரம் எத்தனை நாள் கூடுதலாக நிற்கும்? இரண்டு பருவம் அளந்தோம். கட்டுரையை இதழுக்கு அனுப்பினோம். "திருத்தி அனுப்புங்கள், பார்க்கலாம்" என்று பதில் வந்தது. பதினாறு நாள் கெடு.

பேராசிரியைக்கு அந்தப் பதினாறு நாள் சாதாரணமானது இல்லை. அவர் பதிவு செய்திருந்த பல்கலைக்கழகத்தில், ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டிருந்தால்தான் ஆய்வேட்டை வாங்குவார்கள். அவருக்குக் கொடுத்த நீட்டிப்பெல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த மாதக் கடைசிக்குள் ஏற்புக் கடிதம் வரவில்லை என்றால் பதிவே ரத்து. ஏழு வருஷ உழைப்பு மண்ணாகப் போகும்.

தோழனின் கருத்துகள் என் வழியாகத்தான் அவருக்குப் போகும். அதற்கும் காரணம் இருந்தது. முதல் வரைவின் போது மூன்று பேரும் ஒரே சாட் குழுவில் இருந்தோம். அவன் அங்கே எழுதினான்: "இது கட்டுரையா, கோயில் கொடை நோட்டீஸா?" அவர் குழுவிலிருந்து வெளியேறினார். இரண்டு மாதம் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை. நான் அவனைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன்.

"நான் என்னலே பொய்யா சொன்னேன்?" என்றான்.

"பொய்யில்லை. ஆனா அதை வச்சு அவிய என்ன செய்ய முடியும்? எந்தப் பத்தி, எந்த வரின்னு சொல்லலாம்லா?"

"எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்லை. உனக்கு அனுப்புதேன். நீ பூசி மெழுகிக் குடுத்துக்கோ."

அப்படித்தான் எனக்கு அந்தப் பதவி கிடைத்தது. உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

திருத்தத்துக்கான அவன் கருத்துகள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் பேருந்தில் இருக்கும்போது வந்து விழுந்தன. டொக் டொக்கென்று பத்துப் பன்னிரண்டு. கல்லூரிக்குப் போய், நாங்கள் மூவரும் பார்க்கும் பொதுக் கோப்பைத் திறந்து, ஓரக் குறிப்புகளாக ஒவ்வொன்றையும் மாற்றி எழுத ஆரம்பித்தேன். கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தாலும் குறிப்புகளை நாங்கள் தமிழில்தான் எழுதுவோம்.

அவன் எழுதியது: "முன்னுரை தூக்கம் வருது. கரிசல் வெடிக்கும்னு யாருக்குத்தான் தெரியாது."

நான் எழுதியது: "முதல் இரண்டு பத்திகள் கரிசலின் பொது இயல்பைச் சொல்கின்றன. இந்த இதழை வாசிப்பவர்களுக்கு அது தெரிந்திருக்கும். அவற்றை மூன்று நான்கு வரியாகச் சுருக்கி, மூன்றாம் பத்தியில் இருக்கும் நம் கேள்வியை முதல் பத்திக்குக் கொண்டுவரலாமா? கேள்வி நன்றாக இருக்கிறது, முன்னால் வரட்டும்."

அவன்: "படம் ரெண்டு, ரெண்டு கோடும் ஒரே பச்சை. கண் ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போவா?"

நான்: "இரண்டாம் படத்தில் குறுக்குச் சால், நேர்ச் சால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் உள்ளன. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் பிரித்தறிய முடியாது. ஒன்றைப் புள்ளிக் கோடாக மாற்றுவோம்."

அவன்: "‘நிரூபிக்கிறது’ன்னு எழுதிருக்கா. ரெண்டு வருஷம், ஒரு பண்ணை. கடவுளா அவ?"

நான்: "முடிவுரையில் ‘நிரூபிக்கிறது’ என்பதை ‘காட்டுகிறது’ என்று மாற்றி, ஒரே இடத்தில் இரண்டு பருவம் மட்டும் பார்த்ததை அதே வாக்கியத்தில் சொல்லிவிட்டால், மதிப்பீட்டாளர் அதைக் கேட்க இடமிருக்காது."

எழுத எழுத எனக்குக் கை ஓடியது. திட்டை எடுத்துவிட்டால் உள்ளே எப்போதும் ஒரு சரியான விஷயம் இருக்கும். அவன் முட்டாளில்லை. இடத்தைக் குறித்து, காரணத்தைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று ஒரு வழியும் காட்டிவிட்டால் யாரும் கோபப்படப் போவதில்லை. இப்படி நினைத்துக்கொண்டு ஒரு டீயும் குடித்தேன். அடுத்த கருத்தைப் படித்ததும் டீ கசந்தது.

"மூணாவது அட்டவணை குப்பை. மழைக்கு அப்புறம் எடுத்த ஒரே ஒரு அடர்த்தியை வச்சு வெயில் காலத்துக்கும் கணக்குப் போட்டிருக்கு. கரிசல் என்ன கருங்கல்லா, அப்படியே இருக்க? தீப்பெட்டி ஊருல உக்காந்துக்கிட்டு மெழுகுக்குப் பஞ்சமா?"

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வயலில் மண் எடுத்து, ஈரத்தோடு எடை போட்டு, அடுப்பில் உலர்த்தி மறுபடி எடை போட்டால், நூறு கிராம் மண்ணுக்கு எவ்வளவு தண்ணீர் என்று தெரியும். முதலில் அனுப்பிய கட்டுரையில் அதைத்தான் கொடுத்திருந்தோம். மதிப்பீட்டாளரோ, மழையை அளப்பதுபோல ஈரத்தையும் மில்லிமீட்டரில் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். அப்படி மாற்ற மண்ணின் அடர்த்தி வேண்டும். அதாவது, ஒரு குறிப்பிட்ட கன அளவில் எவ்வளவு மண் இருக்கிறது என்பது. மற்ற மண்ணில் ஒருமுறை அளந்தால் பெரும்பாலும் போதும். கரிசல் அப்படியில்லை. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி இறுகும். ஈரம் மாற மாற அடர்த்தியும் மாறும்.

அந்த ஒரே ஒரு அடர்த்தியை அளந்தவன் நான்.

மழைக்குப் பிறகு இரும்பு வளையத்தை மண்ணில் இறக்கி அளந்தேன். வெயில் காலத்திலும் போனேன். சுத்தியலால் அடித்தேன், வளையத்தின் விளிம்புதான் மடங்கியது. இரண்டு தடவை இறங்கியது, மண் உள்ளே பொலபொலவென்று உடைந்துவிட்டது. ஒரு எண்ணாவது இருக்கிறதே என்று திரும்பி வந்துவிட்டேன். இதை அவரிடம் சொன்னேனா? இல்லை. அவர் அடர்த்தி கேட்டபோது அந்த எண்ணைக் கொடுத்தேன், அவ்வளவுதான். அது எந்த நாளில் எடுத்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது அவன் கருத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாள் கணக்குப் போட்டேன். கெடுவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. வெயிலில் வெடித்துக் கிடக்கும் மண்ணில் வளையம் இறங்காது. இல்லாத அளவுக்கு எங்கே போவது? இதைச் சொல்லி அவரைக் கலங்கடித்து என்ன பயன்? இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீலாகி வாதாடினேன். கடைசியில் எழுதினேன்:

"மூன்றாம் அட்டவணை: அடர்த்தி ஈரத்தைப் பொறுத்துச் சிறிது மாறக்கூடும். நேரமிருந்தால் இதுபற்றி ஒரு வரி சேர்ப்பதைப் பரிசீலிக்கலாம்."

மெழுகைப் பற்றிய வரியை வெட்டிவிட்டேன். அவன் சொந்த ஊர்ப் பக்கத்தையே கேலி செய்கிறான் என்று நினைத்து எரிச்சல்தான் வந்தது. தீப்பெட்டி ஊர் என்றால் இளப்பமா இவனுக்கு?

நான்கு நாளில் அவர் எல்லாவற்றையும் திருத்திவிட்டார். அழகான வேலை. முன்னுரை பாதியாகியிருந்தது, படம் பளிச்சென்று இருந்தது. மூன்றாம் அட்டவணை மட்டும் அப்படியே இருந்தது. என் குறிப்புக்குப் பக்கத்தில் அவர் எழுதியிருந்தார்: "நேரமில்லை அண்ணாச்சி. விவாதப் பகுதியில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்." பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மறுநாள் மதியம் தோழன் கூப்பிட்டான். கத்துவான் என்று நினைத்தேன், கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மூணாவது அட்டவணை அப்படியே இருக்கு. எம்பேரை எடுத்துரு."

"ஏலே, கெடுவுக்கு அஞ்சு நாள்தான் இருக்கு. உன் பேரு இல்லாம எப்படிப் போகும்? மண்ணு எவ்வளவு தண்ணி பிடிக்கும்னு பாத்த சோதனை பூரா உன் ஆய்வகத்துல செஞ்சது."

"அதனாலதான் சொல்லுதேன். மண் இயற்பியல்காரன் பேரு இருக்குத கட்டுரையில இந்தத் தப்பு வந்தா நாளைக்கு நான் எவன் மூஞ்சில முழிக்க? நான் தெளிவா சொன்னேன். மாத்த மாட்டேன்னா அவ இஷ்டம்."

"அவிய மாத்த மாட்டேன்னு சொல்லலை."

"பின்ன?"

"சாயங்காலத்துக்குள்ள கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டேன்.

அவர் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பூசி மெழுகாமல் சொன்னேன். அடர்த்தி ஒரே நாளில் எடுத்தது, வெயிலில் வளையம் இறங்காமல் மண் உடைந்தது, அதை நான் மறைத்தது, அவன் சொன்னதை நான் மாற்றி எழுதியது, இப்போது அவன் பெயரை எடுக்கச் சொல்வது எல்லாம்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "அவிய எழுதுனதக் காட்டுங்க."

"வேண்டாம்மா, அவன் ஒரு மாதிரி..."

"காட்டுங்க அண்ணாச்சி."

கைப்பேசியைக் கொடுத்தேன். ‘குப்பை’ என்ற இடத்தில் அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"‘நேரமிருந்தா பரிசீலிக்கலாம்’னு எழுதிருக்கீங்க. எனக்கு நேரம் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். அப்போ விட்டுருவேன்னும் தெரியும்லா?"

நான் மேசை மேல் கிடந்த அவர் பேனாவை எடுத்து நேராக வைத்தேன்.

"மத்ததுக்கெல்லாம் எந்தப் பத்தி, எந்தப் படம், என்ன செய்யணும்னு அவ்வளவு வெவரமா எழுதிருந்தீங்க. இதுக்கு மட்டும் ஒண்ணுமே இல்லை. நான் இதைச் சின்ன விஷயம்னுதான் நெனைச்சேன். என்னை நோகடிக்கக் கூடாதுன்னு இப்படி எழுதுனீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்துவிட்டது. "இல்லைம்மா. எனக்கு நோகக் கூடாதுன்னு எழுதுனேன்" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்தாரா, தெரியவில்லை. திரும்பாமலே கேட்டார்: "அது என்ன மெழுகு?"

"சும்மா நக்கல்மா. நம்ம ஊரு தீப்பெட்டி ஊருன்னு."

"அவிய திட்டுவாங்க. ஆனா சம்பந்தமில்லாம ஒரு வார்த்தை எழுத மாட்டாங்க. குழுவுல எழுதுனப்பவும் அப்படித்தான். கொடை நோட்டீஸ்னு சொன்னாங்க, நான் ரெண்டு மாசம் அழுதேன். அப்புறம் எடுத்துப் பார்த்தா, கொடை நோட்டீஸ்ல பேரு பேரா போடுத மாதிரி, நன்றி சொல்லுத பக்கம் முன்னுரையைவிட நீளமா இருந்துச்சு." கைப்பேசியை என் பக்கம் தள்ளினார். "கூப்பிட்டுக் கேளுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டேன். அவரும் பக்கத்தில் இருக்கிறார் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். தப்பு என் மேல் என்பதையும் சொன்னேன். பிறகு அவர் கேட்டார்: "சார், மெழுகுன்னு எழுதிருந்தீங்களே, அது எதுக்கு?"

"எதுக்கா? வளையம் இறங்காத காய்ஞ்ச கரிசல்ல அடர்த்தி எடுக்க வேற வழி? கட்டியை அப்படியே எடுத்து, நூல்ல கட்டி, உருகுன மெழுகுல ஒரு முக்கு முக்கணும். அப்போ தண்ணி உள்ள போகாது. தண்ணிக்குள்ள தொங்கவிட்டு எடை போட்டா கன அளவு வந்துரும். மெழுகோட அளவைக் கழிச்சுக்கணும். உங்க ஊரு தீப்பெட்டி ஆபீஸ்லதான் குச்சி முக்க மெழுகு மூட்டை மூட்டையாக் கிடக்கே, அதைத்தான் சொன்னேன்."

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஆனா சார், போன வருஷ மண்ணு இப்போ இல்லையே?" என்றார் அவர்.

"அதே வயல்தானே? ஈரக் கட்டி, அரை ஈரக் கட்டி, காய்ஞ்ச கட்டின்னு எடுங்க. எந்த ஈரத்துக்கு எந்த அடர்த்தின்னு ஒரு கோடு கிடைக்கும். போன வருஷ ஈரம் உங்ககிட்ட இருக்கு. அந்தக் கோட்டுல வச்சுப் பாத்து ஒவ்வொரு நாளுக்கும் அடர்த்தியை எடுத்துக்கலாம்." அப்புறம் ஒன்று சேர்த்தான். "மெழுகைக் கொதிக்க விட்டுராதீங்க. ரொம்பச் சூடானா கட்டிக்குள்ள ஊறிரும்."

அவன் ஒரு ஆளிடம் ‘ங்க’ போட்டுப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

இதழுக்கு அவரே கடிதம் எழுதி, காரணத்தைச் சொல்லி, ஒரு வாரம் கூடுதலாகக் கேட்டார். கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்த தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, "எதுக்கு அண்ணாச்சி, பண்ணையிலயா தீப்பெட்டி ஒட்டப் போறீங்க?" என்று சிரித்துக்கொண்டே மெழுகு எடுத்துக் கொடுத்தார். வெடிப்புக்கும் வெடிப்புக்கும் நடுவில் கடப்பாரையால் நெம்பிக் கட்டிகளை எடுத்தோம். பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, மீதியைத் தட்டில் வைத்து அடியிலிருந்து மெதுவாக நீர் ஏறவிட்டு, வெவ்வேறு நேரம் நிழலில் உலரப் போட்டோம். முதல் நாள் ஆறு கட்டிகள் கையிலேயே உடைந்து போயின. இரண்டாம் நாள் மெழுகு சூடாகிவிட்டது, ஒரு வரிசையே வீண். கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் கோடு ஒழுங்காக வந்தது.

புதிய கணக்கில் குறுக்குச் சாலின் பலன் குறைந்தது. மழை முடிந்து கடைசியாக அளந்த நாள் வரைக்கும் ஈரம் கூடுதலாக நிற்கிறது என்று எழுதியிருந்தோம். இப்போது பார்த்தால் அதற்கு முந்தின தடவை அளந்த நாள் வரைக்கும்தான். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் முடிவுரையின் அந்த வாக்கியத்தை அழித்துவிட்டு, உள்ளதை எழுதினார்.

அனுப்புவதற்கு முன் தோழனின் கடைசிக் கருத்துகள் வந்தன. இந்தத் தடவை முறையை மாற்றினேன். மாற்றி எழுதியதை முதலில் அவனுக்கு அனுப்பி, "நீ சொன்னது இதுதானா, ஏதாவது விட்டிருக்கேனா?" என்று கேட்டேன். கட்டாயம் செய்ய வேண்டியவை தனி, விருப்பமானவை தனி. அவரோ, அவன் எழுதிய மூலமும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார், நடுவில் ஓரிடத்தில் சிரிக்கக்கூடச் செய்தார்.

ஏற்புக் கடிதம் மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் முன்னால் வந்தது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வந்த அன்று அவர் எனக்கு ஒரு பொட்டலம் கடம்பூர் போளி கொண்டுவந்து கொடுத்தார். தோழனுக்கும் ஒன்று அஞ்சலில் போனது.

அன்றைக்குத்தான் அச்சுக்குப் போகும் கட்டுரையை முழுதாக உட்கார்ந்து படித்தேன். அதுவரை முறைகள் பகுதியைத் திறக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. என் வேலையைப் பற்றி அவர் என்ன எழுதியிருப்பாரோ என்ற பயம்தான். "அளக்கத் தவறிவிட்டோம்" என்று எழுதியிருந்தாலும் தப்பில்லை, தவறியது உண்மைதானே.

அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "மழைக்குப் பின் அடர்த்தி வளைய முறையில் அளக்கப்பட்டது. வறண்ட பருவத்தில் மண் இறுகி வளையம் இறங்காததாலும், இறங்கிய இடத்தில் மண் உடைந்ததாலும் அப்போது அளவு எடுக்க இயலவில்லை. எனவே அதே வயலின் கட்டிகளில் மெழுகு முறையில் பின்னர் அளக்கப்பட்டது."

நான் அவரிடம் ஒரு வருஷம் சொல்லாமல் வைத்திருந்தது முழுவதும் அதில் இருந்தது. இறங்காத வளையம் இருந்தது, உடைந்த மண் இருந்தது. ஒன்றையும் அவர் வெட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. அந்தப் பத்தியை மறுபடி ஒருமுறை படித்தேன். பிறகு போளியைப் பிரித்தேன்.